கதவுப் பூட்டின் நாக்கு மாட்டிக்கொள்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். உப்புக் காற்று வீசும் ஊர் என்பதால் பூட்டுக் கோளாறு இங்கே தீராத கதை. புதுப் பூட்டு வேண்டும் என்று வருகிறவர்களிடம் பழையதற்கு என்ன ஆயிற்று என்று கேட்பேன். கேட்டுவிட்டுப் பாதிப் பேரையாவது வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கேட்ட சந்தேகங்களை அவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்செல்லாம் மரக் கதவின் விளிம்புக்குள் பதித்து, இருபுறமும் கைப்பிடி வைத்த பூட்டைப் பற்றியது. உருண்டைக் கைப்பிடிப் பூட்டு பற்றிக் கடைசிப் பக்கமாக ஒரு கேள்வி இருக்கிறது.

கைப்பிடியை முழுக்கத் திருப்பினாலும் நாக்கு பாதிதான் உள்ளே போகிறது. பூட்டு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கைப்பிடிகளையும் ஒரு சதுரக் கம்பி இணைக்கிறது. அந்தக் கம்பி பூட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு துண்டின் சதுரத் துளை வழியாகப் போகிறது. இதைச் சுழல் துண்டு என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியை அழுத்தினால் சுழல் துண்டு திரும்பி, நாக்கின் வாலைப் பின்னால் இழுக்கும். கையை விட்டதும் ஸ்பிரிங் நாக்கை வெளியே தள்ளும். நாக்கு, கைப்பிடி, பெட்டி பதித்திருக்கும் பொந்து, நிலையில் இருக்கும் தகடு ஆகிய நான்கில் எது தடுத்தாலும் வெளியே தெரியும் கோளாறு ஒன்றேதான்.

ஆகவே எண்ணெய்க் குப்பியை எடுக்கும் முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கதவைத் திறந்துவைத்துக் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். நாக்கு தாராளமாகப் போய் வந்தால் குற்றம் நிலையில் இருக்கிறது. திறந்திருக்கும்போதும் சிக்கினால் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, சதுரக் கம்பியை மட்டும் செருகி இடுக்கியால் திருப்புங்கள். இப்போது தாராளமாகப் போனால் குற்றம் கைப்பிடியில். அப்போதும் சிக்கினால் பூட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துத் திருப்புங்கள். கையில் நன்றாக வேலை செய்தால் பொந்தில் கோளாறு. கையிலும் சிக்கினால் மட்டுமே பூட்டின் உட்புறத்தில் கோளாறு. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தச் சோதனையை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதியவை.

திறந்திருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது. சாத்தினால்தான் மாட்டிக்கொள்கிறது. ஏன்?

நிலையில் பதித்த தகட்டின் துளை விளிம்பு நாக்கைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. நெருக்கும் திசையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கதவைச் சாத்தி, ஒரு கையால் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே மறு கையால் கதவைச் சற்று மேலே தூக்குங்கள். சட்டென்று விடுபட்டால் கதவு தொங்கிவிட்டது என்று பொருள். தூக்குவதில் பயனில்லாமல், கதவை நிலையை நோக்கி அழுத்தும்போது விடுபட்டால், நிலையின் படியில் பெயிண்ட் தடித்தோ பலகை வளைந்தோ கதவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

தொங்கிய கதவுக்கு மேல்கீலைத்தான் பார்க்க வேண்டும். அதை மழைக்காலக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். பெயிண்ட் தடித்திருந்தால் அதைச் சுரண்டி எடுங்கள். அதிலும் தீராவிட்டால், நாக்கின் தட்டையான முகம் உரசும் விளிம்பை மட்டும் அரத்தால் அரை மி.மீ., ஒரு மி.மீ. தேய்க்கலாம். அதிகம் தேய்த்தால் சாத்திய கதவு காற்றில் கடகடவென்று ஆடும்.

தேங்காய் எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு முன்பைவிட மோசம். என்ன தவறு?

எங்கள் வீட்டிலும் பாட்டி காலத்திலிருந்து இதுதான் பழக்கம். ஆனால் பூட்டுக்குள் அது நிற்காது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் குளியலறை அலமாரியில் குப்பி வெள்ளையாக உறைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூட்டுக்குள் விட்டதற்கும் அதே கதிதான். மற்ற மாதங்களில் மரத்தூளையும் தெருப் புழுதியையும் பிடித்து வைத்துக்கொண்டு களிம்பாகிவிடும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், காய்ந்து பிசினாகும். முதல் வாரம் நன்றாக இருந்ததற்குக் காரணம், புது எண்ணெய் பழைய களிம்பைக் கொஞ்சம் இளக்கியதுதான்.

அப்படியானால் எதைத்தான் விடுவது? கிராஃபைட் பொடி நல்லது என்கிறார்களே?

இரண்டுக்கும் இடம் வேறு. சாவித் துளைக்குக் கிராஃபைட் பொடி. நாக்கு உரசும் பக்கங்களுக்கும் சுழல் துண்டுக்கும் வெள்ளை கிரீஸ், அது இல்லையென்றால் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி. எண்ணெய் பட்ட இடத்தில் கிராஃபைட்டைத் தூவினால் இரண்டும் சேர்ந்து கரிய சேறாகி, நாக்கை முன்பைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

துரு இளக்கும் ஸ்பிரேயைச் சுத்தம் செய்யும் பொருளாக மட்டும் வையுங்கள். இறுகியதை விடுவித்து அழுக்கைக் கரைக்கும். ஆனால் அது மெல்லிய படலம் என்பதால் நாள்பட வழுவழுப்பு தராது. கதவில் மாட்டியபடியே அடித்தால் கரைந்த அழுக்கு பெட்டியின் அடியில் போய்ச் சேரும், வெளியே வராது. முழுமையான சுத்தம் என்றால் பூட்டு கதவை விட்டு வெளியே வர வேண்டும்.

பூட்டைக் கழற்றத் தெரியாது. கதவு கெட்டுவிடுமா?

முதலில் கதவைத் திறந்து அடியில் ஒரு கட்டையைச் செருகுங்கள். கைப்பிடி இல்லாத கதவு காற்றில் சாத்திக்கொண்டால் அதைத் திறப்பதே ஒரு தனி வேலையாகிவிடும்.

கைப்பிடியின் கழுத்தடியில் ஒரு குட்டித் திருகாணி ஒளிந்திருக்கும், அறுகோணச் சாவியால் திறப்பது. அதைத் தளர்த்திவிட்டு, கைப்பிடித் தகட்டின் திருகாணிகளை எடுத்தால் இருபுறக் கைப்பிடிகளும் சதுரக் கம்பியும் வந்துவிடும். சாவித் துளையில் உருளை இருந்தால், விளிம்புத் தகட்டின் நடுவில் இருக்கும் நீளத் திருகாணியை எடுத்து, சாவியை மெல்லத் திருப்பிக்கொண்டே உருளையை உருவுங்கள். கடைசியாக விளிம்பில் மேலும் கீழும் இருக்கும் இரண்டு திருகாணிகள். பூட்டைச் சுற்றிப் பெயிண்ட் ஒட்டியிருந்தால் முதலில் பிளேடால் கீறிவிடுங்கள். இல்லையென்றால் இழுக்கும்போது மரச் சிம்பு பெயர்ந்து வரும். பிறகு திருப்புளியைச் சதுரத் துளையில் நுழைத்து விளிம்பை நோக்கி நெம்பாமல் இழுத்தால் பெட்டி வந்துவிடும்.

வெளியே எடுத்ததும் அருமையாக வேலை செய்கிறது. திரும்ப மாட்டினால் சிக்குகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது!

பொந்து பெட்டியை நெருக்குகிறது. மூன்று காரணங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, விளிம்பில் இருக்கும் இரண்டு திருகாணிகளையும் அளவுக்கு மீறி முறுக்குவது. பொந்தின் ஆழம் ஒரே சீராக இல்லாதபோது தகடு வளைந்து, நாக்கு வெளிவரும் வாயைக் குறுக்கிவிடும். இரண்டையும் அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். நாக்கு விடுபட்டால் பொந்தின் அடியில் உளியால் சற்றே மரம் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஈரத்தில் ஊறிய மரம் பெட்டியின் பக்கங்களை அழுத்துவது. பெட்டியின் பக்கங்களில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து உள்ளே செருகி எடுங்கள். பொந்தில் வெள்ளை படிந்த இடத்தை மட்டும் செதுக்கினால் போதும்.

மூன்றாவதை யாரும் சந்தேகிப்பதில்லை: கைப்பிடித் தகட்டின் திருகாணி நீளமாக இருப்பது. 32 மி.மீ. தடிமனுள்ள கதவில் 16 மி.மீ. பெட்டி இருந்தால் இருபுறமும் 8 மி.மீ. மரம்தான் மிச்சம். அந்த இடத்தில் 25 மி.மீ. திருகாணியை முறுக்கினால் அதன் முனை பெட்டியின் தகட்டை உள்ளே அமுக்கி நாக்கின் வாலைப் பிடித்துவிடும். பெட்டியின் பக்கத்தில் புள்ளியாக ஒரு பள்ளம் தெரிந்தால் இதுதான் காரணம். குட்டைத் திருகாணி மாற்றுங்கள். தகட்டின் பள்ளத்தை உட்புறமிருந்து மெதுவாகத் தட்டி நிமிர்த்துங்கள்.

கையில் வைத்துத் திருப்பினாலும் சிக்குகிறது. பெட்டியைத் திறக்கலாமா? ஸ்பிரிங் தெறித்து ஓடிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயம் நியாயமானது, ஆனால் தவிர்க்கக்கூடியது. மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, மூடித் திருகாணிகள் மேலே பார்க்கும்படி பெட்டியைப் படுக்க வையுங்கள். திருகாணிகளை எடுத்த பிறகு மூடியின் நடுவைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு ஓரத்தை நேராக மேலே தூக்குங்கள். சாய்த்துத் தூக்கினால்தான் ஸ்பிரிங் தெறிக்கும். மூடி வந்ததும் எதையும் தொடாமல் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மூடி திருகாணிக்குப் பதில் தட்டி மடக்கிய ஆணிகளால் மூடப்பட்டிருந்தால் திறக்காதீர்கள், அது மறுபடி சேராது.

சாவிப் பக்கத்தில் மெல்லிய பித்தளைத் தகடுகள் அடுக்கடுக்காக இருந்தால் அவற்றைக் கலைக்கவே கூடாது. அந்த வரிசைதான் உங்கள் சாவியின் பல்லோடு பொருந்துவது. வரிசை மாறினால் சாவி திரும்பாது. நாக்கு இருக்கும் பகுதி வேறு, அது வேறு. இன்று வேலை நாக்குப் பகுதியில் மட்டும்.

திறந்துவிட்டேன். உள்ளே கறுப்பாக இருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

நாக்கு, அதன் ஸ்பிரிங், சுழல் துண்டு மூன்றையும் எடுத்து டர்பன்டைனில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். மண்ணெண்ணெய் கையில் இருந்தால் அதுவும் போதும். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போக வேண்டாம். பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துணியால் ஒற்றி நன்றாகக் காயவிடுங்கள். பெட்டியில் நாக்கு ஓடும் தடத்தையும், விளிம்புத் தகட்டில் அது வெளிவரும் சதுர வாயையும் அதே போலத் துடையுங்கள். அந்த வாயின் ஓரத்தில் படிந்த பெயிண்டுதான் பல வீடுகளில் முழுக் குற்றவாளி.

காய்ந்த பிறகு நாக்கை வெளிச்சத்தில் பிடித்து விளிம்புகளை நகத்தால் தடவுங்கள். நகம் தடுக்கினால் அங்கே பிசிர் இருக்கிறது. 400 எண் உப்புத்தாளால் அதை மட்டும் எடுங்கள். சரிவு முகத்தின் வடிவத்தை மாற்றாதீர்கள். பிறகு கிரீஸை உரசும் பக்கங்களில் விரலால் இழுத்துப் பூசுங்கள். கட்டியாக அப்பினால் தேங்காய் எண்ணெய்க் கதைதான். மூடியைப் போடும் முன் சதுரக் கம்பியைச் செருகி இருபது முறை திருப்பிப் பாருங்கள்.

நாக்கு உள்ளே போனால் வெளியே வருவதே இல்லை. விரலால் இழுக்க வேண்டியிருக்கிறது.

சுத்தம் செய்தும் அப்படித்தான் என்றால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும் அல்லது சோர்ந்திருக்கும். கடலோரத்தில் மெல்லிய கம்பி துருப்பிடித்து நடுவில் ஒடிவது சகஜம். சோர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுகிறவர்கள் உண்டு. சில வாரம் ஓடும், பிறகு பழைய நிலைதான். பேனா ஸ்பிரிங் இந்த எடைக்குப் போதாது. ஒடிந்த துண்டுகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கடைக்குக் கொண்டுபோனால் அதே குறுக்களவும் அதே கம்பித் தடிமனும் உள்ளதைத் தேடித் தருவார்கள்.

ஒரு வித்தியாசம் கவனியுங்கள். நாக்கு சரியாக வெளியே வந்து, கைப்பிடி மட்டும் கீழே தொங்கினால் நாக்கின் ஸ்பிரிங் நலமாக இருக்கிறது. கைப்பிடியை மேலே திருப்பும் ஸ்பிரிங் வேறு. அது சுழல் துண்டின் பக்கத்திலோ கைப்பிடித் தகட்டுக்குள்ளோ இருக்கும்.

கைப்பிடி தளதளவென்று ஆடுகிறது. பாதித் தூரம் வெறுமனே திரும்பிவிட்டுத்தான் நாக்கு நகர்கிறது.

தேய்மானம். முதலில் கழுத்தடிக் குட்டித் திருகாணியை இறுக்குங்கள், பலருக்கு அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சதுரக் கம்பியின் மூலைகளைப் பாருங்கள். உருண்டு போயிருந்தால் புதுக் கம்பி போடுங்கள், பெரும்பாலான பூட்டுகளில் அது 8 மி.மீ. கம்பி புதிதாக இருந்தும் ஆடினால் சுழல் துண்டின் துளை அகன்றுவிட்டது. மெல்லிய தகரத்தைக் கம்பியில் சுற்றிச் செருகுவது சில மாதங்களுக்கு உதவும். அதற்குள் பூட்டை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் இப்படிப்பட்ட பூட்டுதான் ஒரு நாள் ஆளை உள்ளே வைத்துக்கொண்டு கைவிரிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மாட்டிக்கொள்கிறது. பொங்கலுக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. விட்டுவிடலாமா?

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இதே கேள்வியோடு இரண்டு ஆண்டு வந்தார். அதற்குள் ஒரு பூட்டை மாற்றியும் இருந்தார். புதுப் பூட்டும் அடுத்த மழையில் சிக்கியது. நேரில் போய்ப் பார்த்தேன். திறந்த கதவில் நாக்கு வெண்ணெயாக ஓடியது. சாத்தினால் நகரவில்லை. கதவைத் தூக்கிக்கொண்டு திருப்பினால் விடுபட்டது. எண்ணெய் தொட்ட குங்குமத்தை நாக்கு முழுவதும் பூசி, கதவை ஒரு முறை சாத்தித் திறந்தேன். நிலைத் தகட்டின் துளையில் கீழ் விளிம்பில் மட்டும் சிவப்பு பட்டிருந்தது.

கதவு 3 மி.மீ. இறங்கியிருந்தது. மேல்கீலின் மூன்று திருகாணிகளில் இரண்டு துளையில் சும்மா சுழன்றன. கோடையில் மரம் சுருங்கி இடைவெளி இருந்ததால் நாக்கு எப்படியோ தப்பித்தது; மழையில் மரம் ஊதியதும் அந்த இடைவெளி போய்விட்டது. கதவின் அடியில் கட்டையை வைத்துத் தூக்கி, தேய்ந்த துளைகளில் மூங்கில் சிம்புகளை மரப்பசையோடு அடைத்து ஓர் இரவு காயவிட்டோம். மறுநாள் சிம்புகளை மட்டமாக வெட்டி, சிறிய வழித்துளை போட்டு, முன்பிருந்ததைவிட நீளமான திருகாணிகளை முறுக்கினேன். குங்குமச் சோதனையை மறுபடி செய்தபோது கீழ் விளிம்பில் இன்னும் மெல்லிய கீற்று தெரிந்தது. அங்கே மட்டும் அரத்தால் ஒரு மி.மீ. தேய்த்தேன். பூட்டில் கை வைக்கவே இல்லை.

எனவே விட்டுவிடாதீர்கள். நெருக்கப்பட்ட நாக்கைக் கைப்பிடியால் பலமாக இழுத்து இழுத்துத்தான் முந்தைய கேள்வியில் சொன்ன தேய்மானம் வருகிறது. மழைக்காலத்தில் கதவின் விளிம்பை இழைப்புளியால் சீவுவதும் வேண்டாம். மாசி மாதம் பெரிய சந்து விழும்.

குழந்தை உள்ளே இருக்கிறது, நாக்கு இழுபடவில்லை. உடனே என்ன செய்வது?

உள்ளிருந்து தாழ்ப்பாள் போடவில்லை என்றால் முதலில் உங்கள் பக்கக் கைப்பிடியைக் கழற்றுங்கள். சதுரத் துளையில் பொருந்தும் அகலத் திருப்புளியை மூலைக்கு மூலையாகச் செருகி, நாக்கு உள்ளே போகும் திசையில் அழுத்தித் திருப்புங்கள். அதே சமயம் இன்னொருவர் கதவைத் தூக்கியும் நிலையை நோக்கி அழுத்தியும் பார்க்கட்டும். தேய்ந்த கம்பியால் வரும் சிக்கல் இதிலேயே தீரும்.

தீராவிட்டால் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். நாக்கின் சரிவு, சாத்தும்போது நிலையை முதலில் தொடும் பக்கம். ஆகவே அறைக்குள் திறக்கும் கதவில் சரிவு வெளியே நிற்கும் உங்களை நோக்கி இருக்கும். தண்ணீர்ப் புட்டியின் உடலிலிருந்து உள்ளங்கை அளவு பிளாஸ்டிக்கை வெட்டி, நாக்குக்கு மேலே சந்தில் நுழைத்துக் கீழே இழுத்தபடி கதவைத் தள்ளுங்கள். நாக்கு துருவால் இறுகியிருந்தால் இது பலிக்காது. கதவு உங்கள் பக்கம் திறப்பதாக இருந்தால் சரிவு உள்ளே இருக்கும், ஆனால் கீலின் முடிச்சுகள் உங்கள் பக்கம் தெரியும். ஊசி கழலும் வகைக் கீலென்றால் கீழிருந்து தட்டி எடுத்து, கீல் பக்கமாகக் கதவைப் பிரிக்கலாம். குழந்தை மிகச் சிறியதாகவோ, உள்ளே அடுப்போ தண்ணீரோ இருந்தாலோ இவற்றையெல்லாம் முயன்று நேரம் போக்காமல் 101 எண்ணில் தீயணைப்பு மீட்புப் பணியினரை அழையுங்கள்.

பிளாஸ்டிக்கால் திறக்க முடியும் என்றால் திருடனும் திறப்பானே?

ஆம். சாவியைத் திருப்பாமல் வெறுமனே சாத்திவிட்டுப் போகும் வாசல் கதவு ஸ்பிரிங் நாக்கை மட்டுமே நம்பி நிற்கிறது. சாவியால் வெளிவரும் கட்டை நாக்குக்குச் சரிவு கிடையாது, பின்னால் தள்ளும் ஸ்பிரிங்கும் கிடையாது. கடைக்குப் போய்வரும் பத்து நிமிடத்துக்கும் சாவியைத் திருப்புங்கள்.

குளியலறையில் உருண்டைக் கைப்பிடி. அதற்கும் இதே வைத்தியமா?

கண்டுபிடிக்கும் முறை ஒன்றே, வைத்தியம் வேறு. அதில் நாக்கு ஒரு குழாய்க்குள் இருக்கும். அந்தக் குழாயைத் திறந்து சேர்க்க முடியாது. வெளியே எடுத்துத் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துத் துடைத்து எண்ணெய் விடலாம். அதற்கும் மசியாவிட்டால் குழாயை மட்டும் மாற்றுங்கள். கதவின் விளிம்பிலிருந்து கைப்பிடித் துளையின் நடு வரை அளந்துகொண்டு வாருங்கள். பெரும்பாலும் 60 அல்லது 70 மி.மீ. இருக்கும்.

எல்லாம் சுத்தம் செய்து மாட்டிவிட்டேன். இப்போது கைப்பிடி அருமை, ஆனால் கதவு சாத்தவே மறுக்கிறது. நாக்கு நிலையில் இடித்து நிற்கிறது.

நாக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள். பல பெட்டிகளில் நாக்கு இருபுறமும் பொருந்தும், இடக்கை வலக்கைக் கதவுகள் இரண்டுக்கும் ஒரே பூட்டு உதவ வேண்டும் என்பதற்காக. திறந்தபோது எடுத்த படத்தைப் பாருங்கள். படம் இல்லையென்றால், சரிவு சாத்தும்போது நிலையை முதலில் தொடும் பக்கம் என்ற முந்தைய விதியைக் கொண்டு திருப்பிப் போடுங்கள். சில பூட்டுகளில் பெட்டியைத் திறக்காமலே நாக்கை வெளியே இழுத்து அரைச் சுற்றுத் திருப்பிவிடலாம். மாட்டுவதற்கு முன் கதவைத் திறந்துவைத்தே ஒரு முறை சரிபாருங்கள். சரிவை விரலால் அழுத்தினால் நாக்கு உள்ளே போக வேண்டும்; தட்டை முகத்தை அழுத்தினால் அசையக்கூடாது.